ஒரு பைசா எங்கிருந்து வந்தது?

வரி உட்பட 999 ரூபாய் விலையுள்ள அயர்ன் பாக்ஸுக்குக் கடையில் 10 சதவீதத் தள்ளுபடி. ஜிஎஸ்டி 18 சதவீதம். பில்லிங் மென்பொருள் முதலில் தள்ளுபடியைக் கழிக்கிறது: 899.10 ரூபாய். பில்லிலேயே காட்டப்படும் தள்ளுபடிக்கு வரி கிடையாது என்பதே காரணம்.

அடுத்து, அந்தத் தொகைக்குள் இருக்கும் வரியைப் பிரிக்க 1.18ஆல் வகுக்கிறது. அடிப்படை விலை 761.95 ரூபாய். அதில் மத்திய வரி 9 சதவீதம், மாநில வரி 9 சதவீதம், தலா 68.5755. பைசாவுக்கு முழுமையாக்கினால் தலா 68.58. மூன்றையும் கூட்டினால் 899.11!

ஒரு பைசா கூடிவிட்டது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியே முழுமையாக்கியதன் விளைவு இது.

அதனால்தான் பில்லின் அடியில் ‘ரவுண்ட் ஆஃப்’ −0.11 என்று வருகிறது. கார்டு இயந்திரத்துக்குப் பொருளும் தெரியாது, வரியும் தெரியாது. 899 ரூபாய் மட்டுமே போகிறது. முழுமையாக்கும் முன்பே தொகையை அனுப்பிவிட்டால், பில்லும் கார்டு சீட்டும் ஒத்துப்போகாது.