வாடகை எப்போது கடனாகிறது?

ஒரு விமான நிறுவனத்தின் சொத்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது விமானம்தான். ஆனால் பல ஆண்டுகளாக உலகின் பெரிய விமான நிறுவனங்கள் பலவற்றின் இருப்புநிலைக் குறிப்பில் அவை பறக்கவிட்ட விமானங்களில் பெரும்பகுதி இடம்பெறவில்லை. அவை குத்தகைக்கு எடுத்த விமானங்கள். மாத வாடகை மட்டும் செலவாக இலாப நட்டக் கணக்கில் விழும். இன்னும் பல ஆண்டுகளுக்குக் கட்டியே தீர வேண்டிய வாடகை, கடன் பட்டியலில் வராது. சர்வதேசக் கணக்கியல் தர வாரியத்தின் தலைவராக இருந்த டேவிட் ட்வீடி, தான் சாவதற்குள் ஒரு விமான நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும் விமானத்தில் ஒருமுறையாவது பறந்துவிட வேண்டும் என்று சொல்லி வந்தார்.

அவர் பதவியில் இருந்தவரை அது நடக்கவில்லை. 2016 ஜனவரியில் அந்த வாரியம் வெளியிட்ட ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற தரம் 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் இண்ட் ஏஎஸ் 116 அமலானது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவையும், நிகர மதிப்பு 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள பிற கம்பெனிகளும் இதைப் பின்பற்றுகின்றன. அதனால்தான் இன்று ஒரு ஜவுளிக்கடை நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் ‘பயன்பாட்டு உரிமைச் சொத்து’ என்று ஒரு வரியும், ‘குத்தகைப் பொறுப்பு’ என்று இன்னொரு வரியும் கண்ணில் படுகின்றன. (மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கும் நம்மூர் ‘லீஸ்’ அல்ல இது. தவணைதோறும் வாடகை கட்டும் ஒப்பந்தம்.)

பழைய விதி குத்தகையை இரண்டாகப் பிரித்தது. பொருளின் ஆயுளில் பெரும்பகுதியை, அதன் விலைக்கு ஏறக்குறைய ஈடான தொகைக்குக் குத்தகைக்கு எடுத்தால், அது கடனில் வாங்கியதற்குச் சமம். பேலன்ஸ் ஷீட்டில் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் வெறும் வாடகை, காட்ட வேண்டியதில்லை. அமெரிக்க விதி இதற்கு எண்களையே கொடுத்திருந்தது: குத்தகைக் காலம் ஆயுளில் 75 சதவீதத்தைத் தொட்டாலோ, வாடகைகளின் தற்போதைய மதிப்பு பொருளின் விலையில் 90 சதவீதத்தைத் தொட்டாலோ அது கடன். கோடு இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் ஒப்பந்தத்தை அதற்கு ஒரு அடி முன்பே நிறுத்திவிடலாம் அல்லவா? அப்படித்தான் நடந்தது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் குத்தகைக் கடப்பாடு உலக அளவில் சுமார் 3.3 லட்சம் கோடி டாலர் என்றும், அதில் 85 சதவீதத்துக்கு மேல் பேலன்ஸ் ஷீட்டுக்கு வெளியே நிற்கிறது என்றும் புதிய தரத்தை வெளியிட்டபோது வாரியம் கணக்கிட்டுச் சொன்னது.

புதிய விதி கேட்கும் கேள்வி வேறு. பொருள் யாருடையது என்று அது கேட்பதில்லை. குறிப்பிட்ட ஒரு பொருளை, குறிப்பிட்ட காலத்துக்கு, தன் விருப்பப்படி பயன்படுத்தி அதன் பலனை அடையும் உரிமை கைக்கு வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றால் அந்த உரிமை ஒரு சொத்து. அந்த உரிமைக்காக, விலக முடியாதபடி கொடுத்திருக்கும் வாக்கு ஒரு கடன். பொருள் இன்னமும் சொந்தக்காரரின் கணக்கில்தான் இருக்கும்; விமானத்தை வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்குப் பழைய முறையில் பெரிய மாற்றம் இல்லை. குத்தகைக்கு எடுத்தவர் தன் ஏட்டில் எழுதுவது விமானத்தை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமையை.

ஒரு கடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஜவுளி நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு கட்டடத்தை எடுக்கிறது; நடுவில் விலக முடியாது. வாடகை ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக, ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் மொத்தமாகக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில் 60 லட்சம். ஆனால் முழு 60 லட்சத்தையும் கடனாக எழுதுவதில்லை. ஐந்தாம் ஆண்டு கட்டப்போகும் 12 லட்சத்தின் இன்றைய மதிப்பு அதைவிடக் குறைவு. இதே காலத்துக்கு, இதே அளவு தொகையைக் கடன் வாங்கினால் அந்த நிறுவனத்துக்கு என்ன வட்டி ஆகுமோ, அந்த வீதத்தில் கழித்துக் கொண்டுவர வேண்டும். 10 சதவீதம் என்று கொண்டால், ஐந்து வாடகைகளின் இன்றைய மதிப்பு 45.49 லட்சம்.

ஒப்பந்தம் தொடங்கும் நாளில் ஏட்டில் இரண்டு பதிவுகள் விழும். ஒரு பக்கம் 45.49 லட்சம் சொத்து, மறுபக்கம் 45.49 லட்சம் கடன். முன்வாடகை, தரகுக் கட்டணம் போன்றவை இருந்தால் சொத்தோடு சேரும். அதற்குப் பிறகு இரண்டும் தனித்தனி வழியில் குறைகின்றன. சொத்தை ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 9.10 லட்சம் தேய்மானம். கடனுக்கு வட்டி ஏறும்: முதல் ஆண்டு 10 சதவீதத்தில் 4.55 லட்சம். கட்டிய 12 லட்சத்தில் இந்த வட்டி போக 7.45 லட்சம்தான் அசலில் கழியும். வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானதுதான். ஆண்டு முடிவில் கடன் 38.04 லட்சம், சொத்து 36.39 லட்சம்.

இலாப நட்டக் கணக்கில் முதல் ஆண்டு விழும் செலவு, தேய்மானமும் வட்டியும் சேர்ந்து 13.65 லட்சம். கையிலிருந்து போனதோ 12 லட்சம். ஐந்தாம் ஆண்டில் வட்டி 1.09 லட்சமாகச் சுருங்கிவிடுவதால் மொத்தச் செலவு 10.19 லட்சம்தான். ஐந்து ஆண்டையும் கூட்டினால் அதே 60 லட்சம். செலவின் மொத்தம் மாறவில்லை. முன்னே கொஞ்சம் கூடி, பின்னே கொஞ்சம் குறைகிறது. ஆண்டுதோறும் புதுக் கடைகள் திறந்துகொண்டே போகும் நிறுவனத்தில் குத்தகைகளில் பல முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே நிற்கும். அங்கே இலாபம் உண்மையான வாடகைச் செலவைவிடக் கூடுதலாகக் குறைந்து தெரியும்.

முதலீட்டாளர்கள் வழுக்கி விழும் இடம் வேறொன்று. ‘வாடகை’ என்ற செலவு இப்போது தேய்மானமாகவும் வட்டியாகவும் பெயர் மாறிவிட்டது. வட்டிக்கும் வரிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய இலாபத்தை, எபிட்டா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெயரிலேயே தேய்மானத்தையும் வட்டியையும் ஒதுக்கிவிடும் எண் அது. ஆகவே நம் கடையின் எபிட்டா ஆண்டுக்கு 12 லட்சம் ‘உயர்ந்துவிடும்’. ஒரு சேலைகூடக் கூடுதலாக விற்கவில்லை, ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கையில் வரவில்லை. ரொக்க ஓட்ட அறிக்கையிலும் இதே கதை. அசலாகக் கழியும் தொகையும், இந்திய விதிப்படி அதற்கான வட்டியும் நிதித் திரட்டல் பகுதிக்குப் போய்விடுவதால், வியாபாரத்தில் வரும் ரொக்கம் பெருகியதுபோல் காட்சி தரும். 2019-க்கு முந்தைய எபிட்டாவையும் பிந்தைய எபிட்டாவையும் நேராக ஒப்பிட்டு ‘வளர்ச்சி’ என்று சொல்வது தவறு.

டாலரில் வாடகை கட்டும் நிறுவனங்களுக்கு இன்னொரு அடி உண்டு. இண்டிகோவை நடத்தும் இன்டர்குளோப் ஏவியேஷன் போன்ற விமான நிறுவனங்களின் குத்தகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் டாலரில் இருக்கின்றன. குத்தகைக் கடன் 10 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தின்போது டாலர் 80 ரூபாய் என்றால் கடன் 800 கோடி ரூபாய். டாலர் 84-க்கு ஏறிய நாளில் அதே கடன் 840 கோடி. கூடிய 40 கோடியும் அந்தக் காலாண்டின் நட்டம். சொத்தோ முதல் நாளின் மாற்று வீதத்திலேயே நிற்கும், அது கூடாது. விமானங்கள் நிரம்பிப் பறந்த காலாண்டிலும் இலாபம் கரைவதற்கு இது ஒரு காரணம். இந்தத் தொகை அன்றே கையைவிட்டுப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் ரூபாய் மீளாவிட்டால், வரும் மாத வாடகைகளில் அது சிறுகச் சிறுகப் போய்த்தான் தீரும்.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லா வாக்கும் ஏட்டுக்குள் வந்துவிடுவதில்லை. பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட குத்தகைக்கு விலக்கு உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், 11 மாத ஒப்பந்தம் நம் நாட்டில் வாடிக்கையாகிவிட்டது. அப்படியானால் 11 மாதம் என்று எழுதினாலே கடனைக் காட்டாமல் தப்பித்துவிடலாமா? 2019 நவம்பரில் சர்வதேச விளக்கக் குழு இதை ஒட்டிய கேள்வியை ஆராய்ந்தது. யாரும் நோட்டீஸ் கொடுக்காதவரை தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும் ஒப்பந்தத்தில், காகிதத்தில் உள்ள அபராதத்தை மட்டும் பார்த்தால் போதாது. விலகினால் ஏற்படும் பொருளாதார இழப்பு முழுவதையும் பார்க்க வேண்டும் என்றது. 60 லட்சம் செலவழித்து உள் அலங்காரம் செய்த கடையை ஒரு வியாபாரி 11 மாதத்தில் விட்டுவிட்டுப் போவாரா? போகமாட்டார் என்றால் குத்தகைக் காலம் 11 மாதம் அல்ல. அது எத்தனை ஆண்டு என்பதை நிர்வாகமும் ஆடிட்டரும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு மூன்று ஆண்டா, ஒன்பது ஆண்டா என்பதைப் பொறுத்துக் கடன் பெரிதும் மாறும்.

விற்பனையில் இத்தனை சதவீதம் என்று பேசப்படும் வாடகையும் கடனில் சேராது. குறைந்தபட்ச உத்தரவாத வாடகை இருந்தால் அது மட்டும் சேரும். ஒரே மாலில் அருகருகே உள்ள இரண்டு கடைகளில் ஒன்று நிலையான வாடகையும் மற்றொன்று விற்பனைப் பங்கும் கொடுத்தால், முதல் கடையின் ஏட்டில் பெரிய கடன் இருக்கும், இரண்டாவதில் இருக்காது. இது ஏமாற்று அல்ல. விற்பனை விழுந்தால் இரண்டாமவரின் வாடகையும் விழும். முதலாமவர் கட்டியே ஆக வேண்டும். விலக முடியாத வாக்கு எவ்வளவு என்பதைத்தான் அந்தக் கடன் எண் சொல்கிறது. வாடகைச் சுமை மொத்தமும் எவ்வளவு என்பதை அது சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள ஆண்டறிக்கையின் குறிப்புகள் பகுதியில் குத்தகை பற்றிய பத்தியைத் தேட வேண்டும். குறுகிய காலக் குத்தகைச் செலவு, மாறும் வாடகைச் செலவு, அந்த ஆண்டில் குத்தகைக்காகக் கையிலிருந்து போன மொத்த ரொக்கம் மூன்றையும் அங்கே கொடுத்தாக வேண்டும் என்பது விதி. கடைசி எண்ணில் உள்ள நிலையான வாடகையை எபிட்டாவிலிருந்து கழித்துப் பாருங்கள். பழைய அளவுகோலுக்கு ஓரளவு நெருங்கிவிடலாம். வரும் ஆண்டுகளில் கட்ட வேண்டிய வாடகைகள் வட்டி கழிக்காமல் காலப் பிரிவுகளாக ஆண்டறிக்கையின் குறிப்புகளிலேயே இருக்கும். விற்பனை பாதியாகக் குறைந்தாலும் இந்தத் தொகையைக் கட்டும் வலு அந்த நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகு பங்கை வாங்கலாம்.