‘சரி டீச்சர்’ சேலையாகப் போனது எப்படி? விசைப்பலகைப் பரிந்துரையும் தவறான எமோஜியும்



வகுப்புப் புலனக் குழுவில் ஆசிரியர் ஓர் அறிவிப்பு போடுகிறார்: “நாளை மாதிரித் தேர்வு, காலை 7.30க்கு வந்துவிடுங்கள்.” படிவம் 5 மாணவர் ஒருவர் “sari teacher” என்று பதில் எழுத நினைக்கிறார். குழுவில் வந்து விழுவதோ “🥻 teacher”. நாற்பது பேர் சிரிக்கிறார்கள். பதில் போட்ட பையனுக்கோ என்ன நடந்தது என்றே புரியவில்லை.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறு. ஆனால் இதே தவறு இரங்கல் செய்தியில் நடந்தால் சிரிக்க முடியாது. இரண்டும் எப்படி நடக்கின்றன, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

1. விசைப்பலகைக்கு நீங்கள் தமிழ் எழுதுவது தெரியாது

நம்மில் பலர் ஆங்கில விசைப்பலகையை வைத்துக்கொண்டு ரோமன் எழுத்தில் தமிழை எழுதுகிறோம். அந்த விசைப்பலகை ஆங்கிலச் சொற்களை மட்டும்தான் எதிர்பார்க்கிறது. எழுத்துகளுக்கு மேலே ஒரு வரிசையில் மூன்று நான்கு சொற்கள் வந்து வந்து போகும், பார்த்திருப்பீர்கள். அதுதான் பரிந்துரை வரிசை. நீங்கள் எழுதும் சொல்லுக்குப் பொருத்தமான எமோஜி இருந்தால், அதுவும் அந்த வரிசையிலேயே வந்து உட்காரும்.

நமக்கு “sari” என்றால் ஒப்புதல். விசைப்பலகைக்கு அது உடை. 2019இல் யூனிகோட் பட்டியலில் சேர்க்கப்பட்ட 🥻 என்ற எமோஜியின் பெயரே Sari தான். அதேபோல், பெண் என்று நினைத்து “pen” எழுதினால் 🖊️ வரலாம். மண் என்று நினைத்து “man” எழுதினால் 👨 வரலாம். விசைப்பலகையைக் குறை சொல்ல முடியாது. நாம் கொடுத்த எழுத்துகளை அது ஆங்கிலமாகச் சரியாகவே படித்திருக்கிறது.

எமோஜி வரிசையில் வந்தால் மட்டும் செய்திக்குள் போய்விடாது, நம் விரல் அதைத் தொட வேண்டும். தொடுவதற்குக் காரணம், அந்த வரிசை ஒரே நிலையில் நிற்காததுதான். ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் சொற்கள் இடம் மாறும். “teach” வரை எழுதிவிட்டு மேலே “teacher” தெரிகிறது என்று விரலை நீட்டுகிறோம். அதற்குள் இன்னோர் எழுத்து விழுந்துவிட்டால், அந்த இடத்தில் வேறொன்று இருக்கும். கண் பார்த்தது ஒன்று, விரல் தொட்டது வேறொன்று. சில விசைப்பலகைகளில் எமோஜி சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். சிலவற்றில் சொல்லையே அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். சரி என்ற சொல் காணாமல் போய்ச் சேலை மட்டும் மிஞ்சியது இப்படித்தான்.

2. கண்ணீர் இரண்டு வகை

அடுத்தது கொஞ்சம் கனமானது. ஒரு மாணவியின் பாட்டி இறந்துவிட்டார். வகுப்புக் குழுவில் தோழி ஒருத்தி இரங்கல் எழுதி, அழும் முகம் போடுவதற்காக எமோஜித் தேடலில் “tear” என்று தட்டினாள். கண்ணீர் வடிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. முதலில் கண்ணில் பட்டதை மூன்று முறை தட்டி அனுப்பிவிட்டாள். போனது 😂😂😂. தான் அனுப்பியதை அவள் மறுநாள்தான் கவனித்தாள். பாட்டியை இழந்தவள் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை.

தேடலில் ஏன் சிரிப்பு வந்தது? ஒவ்வோர் எமோஜிக்கும் ஒரு பெயரும் சில தேடுசொற்களும் உண்டு. யூனிகோட் கூட்டமைப்பு இந்தப் பட்டியலைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் வைத்திருக்கிறது. 😂 என்பதன் அதிகாரப்பூர்வப் பெயர் Face with Tears of Joy, அதாவது ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் முகம். 😭 என்பதன் பெயர் Loudly Crying Face, அதாவது உரக்க அழும் முகம். ஆங்கிலப் பட்டியலில் இரண்டுக்குமே “tear” ஒரு தேடுசொல். இரண்டிலும் கண்ணீர் இருப்பதால் தேடல் இரண்டையும் காட்டும். அது சாவுக் கண்ணீரா சிரிப்புக் கண்ணீரா என்று தேடலுக்குத் தெரியாது.

சிறிய திரையில் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கண்ணீரைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். 😂 முகத்தில் வாய் மேல்நோக்கி வளைந்து பல் தெரியும். 😭 முகத்தில் வாய் கீழ்நோக்கித் திறந்திருக்கும், கண்ணீர் இரண்டு பட்டைகளாக நேரே இறங்கும். “sob” என்று தேடினால் குழப்பம் குறையும். இரங்கலுக்கு 🙏 போட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

புலனத்தில் இன்னோர் இடமும் உண்டு. ஒரு செய்தியை அழுத்திப் பிடித்தால் மேலே ஆறு எமோஜிகள் வரும். மாற்றாமல் விட்டிருந்தால் அவற்றின் வரிசை 👍 ❤️ 😂 😮 😢 🙏. மூன்றாவது சிரிப்பு, ஐந்தாவது அழுகை. நடுவில் ஒன்றே ஒன்றுதான். பேருந்தில் நின்றுகொண்டு கட்டைவிரலால் தட்டினால் மரணச் செய்திக்குச் சிரிப்பு விழுவதற்கு எவ்வளவு நேரமாகும்? மரண அறிவிப்புக்கு இந்த வழியில் பதில் சொல்லாமல், இரண்டு சொல் எழுதிவிடுவதே பாதுகாப்பு.

3. எதை நிறுத்தலாம், எதை நிறுத்த முடியாது

“பரிந்துரையை நிறுத்திவிட்டால் போச்சு” என்று சிலர் சொல்வார்கள். தமிழில் எழுதுவோருக்கு அது பாதி உண்மைதான். நீங்கள் எந்த முறையில் தமிழ் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஜிபோர்டில் `abc → தமிழ்` என்ற முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், நீங்கள் ரோமனில் எழுத, அது தமிழ்ச் சொல்லை ஊகித்துப் பரிந்துரை வரிசையில் தருகிறது. இங்கே தமிழ் பிறக்கும் இடமே அந்த வரிசைதான். அதனால் வரிசையை வைத்துக்கொண்டு எமோஜியை மட்டும் விலக்க வேண்டும். விசைப்பலகையின் மேலே உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு `Emojis, Stickers & GIFs` பகுதிக்குப் போங்கள். தட்டச்சு செய்யும்போது எமோஜியைப் பரிந்துரைக்கும் சுவிட்ச் அங்கே இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் சற்று மாறலாம். ஏதாவது ஒரு பரிந்துரை திரும்பத் திரும்ப வந்து தொல்லை கொடுத்தால், அதை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்துப் போடலாம்.

அஞ்சல் அல்லது தமிழ் 99 முறையில் எழுதுவோருக்குக் கவலை குறைவு. இங்கே ஊகம் கிடையாது. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து என்பது நிலையானது. ஐபோனில் இந்த இரண்டு முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்திலும் இருக்கின்றன. சரி என்று தட்டினால் சரிதான் வரும், சேலை வராது. பரிந்துரை வரிசையே இல்லாமலும் எழுதலாம். ஐபோனில் அதை நிறுத்த `Settings` > `General` > `Keyboard` சென்று `Predictive` என்று தொடங்கும் சுவிட்சை அணையுங்கள். அதே பக்கத்தில் `Text Replacement` என்பதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். விளையாட்டாக யாராவது ஒரு சொல்லுக்கு எமோஜியைப் பதிந்து வைத்திருந்தால் அது அங்கேதான் இருக்கும். தம்பி தங்கை கையில் கைப்பேசி போகும் வீடுகளில் இது நடப்பதுதான்.

4. ஆசிரியர்களுக்கு: கணினியில் ஒரு சிறு பொறி

கேள்வித்தாள் தயாரிக்கும்போது அடைப்புக்குறிக்குள் `(எ.கா:)` என்று எழுதுகிறோம். முக்காற்புள்ளியும் மூடும் அடைப்பும் சேர்ந்தால் `:)` ஆகிறது. மைக்ரோசாப்ட் வேர்ட் அதைச் சிரித்த முகமாக மாற்றிவிடலாம். மாறிய உடனே `Ctrl+Z` ஒருமுறை அழுத்தினால் பழையபடி வந்துவிடும். நிரந்தரமாக நிறுத்த `File` > `Options` > `Proofing` > `AutoCorrect Options` சென்று பட்டியலில் `:)` உள்ள வரியை நீக்குங்கள். முக்காற்புள்ளியை அடைப்புக்கு வெளியே போட்டாலும் போதும்.

5. அனுப்பிய பிறகு

புலனத்தில் செய்தி அனுப்பிய 15 நிமிடத்துக்குள் என்றால், அதை அழுத்திப் பிடித்து `Edit` மூலம் எமோஜியை மட்டும் எடுத்துவிடலாம். செய்தியின் பக்கத்தில் `Edited` என்று தெரியும், அதில் ஒன்றும் தவறில்லை. நேரம் கடந்துவிட்டால் `Delete for everyone`. பதற்றத்தில் `Delete for me` தொட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் திரையில் மட்டும் மறையும், மற்ற எல்லாருக்கும் அப்படியே இருக்கும். தொட்டுவிட்டால் சில விநாடிகளுக்கு `Undo` காட்டும், உடனே அதைத் தட்டுங்கள். செய்தியின் கீழே போட்ட எமோஜி தவறு என்றால், அதன் மேல் மீண்டும் தட்டி நீக்கலாம்.

ஆனால் அழித்துவிட்டால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. அறிவிப்பாக ஏற்கெனவே போயிருக்கலாம். இரங்கல் போன்ற இடங்களில் அழித்த கையோடு ஒரு வரி எழுதிவிடுங்கள்: “மன்னிக்கவும். முந்தைய செய்தியில் தவறான எமோஜி சேர்ந்துவிட்டது. என் ஆழ்ந்த இரங்கல்.” இவ்வளவு போதும். நீண்ட விளக்கம் வேண்டாம். அந்தத் தோழி அன்றே இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இரண்டு வாரம் வீணாகியிருக்காது.

வகுப்பில் செய்து பார்க்க

ரோமனில் எழுதும்போது ஆங்கிலச் சொல்லாகவும் படிக்கக்கூடிய தமிழ்ச் சொற்களை மாணவர்கள் குழுவாகத் திரட்டட்டும். “sari”, “pen”, “man” என்று தொடங்கிக் கொடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். “man” என்பது மண்ணா, மானா? “pal” என்பது பல்லா, பாலா? குறில் நெடிலும் ண, ன வேறுபாடும் ல, ள வேறுபாடும் ரோமனில் காணாமல் போவது அவர்களுக்கே தெரியவரும். தேர்வுத்தாளில் இந்த எழுத்துகளைத்தான் மாற்றி எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள். பதினைந்து நிமிடப் பயிற்சிதான், எழுத்துப்பிழைப் பாடத்தோடு சேர்த்துச் செய்யலாம்.