சமநிலைக்கு எதிராக 100 பவுண்டு

இங்கிலாந்தில் 2000-இல் தொடங்கிய பெட்ஃபேர் பந்தயச் சந்தையில், கால்பந்தாட்டம் சமநிலையில் முடியாது என்றும் பணம் கட்டலாம். இதுவே ‘லே த டிரா’. 3.5 விலையில் 100 பவுண்டுக்கு எதிர்ப்பந்தயம் வைத்தவருக்கு, சமன் ஆகாவிட்டால் 100 வரவு. ஆனால் 250 இழப்பு.

வலுவான அணி முதல் கோல் அடித்ததும் விலை 5-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100-ஐ 3.5-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 70. அதைச் சமநிலைக்கு ஆதரவாகக் கட்டி வெளியேறலாம். சமன் ஆனால் 280 வரவு, 250 இழப்பு. ஆகாவிட்டால் 100 வரவு, 70 இழப்பு. எப்படியும் 30 லாபம். அதில் சந்தையின் கமிஷன் கழியும்.

கோலே விழாவிட்டால்? நேரம் ஓட ஓட விலை சரியும். 2.5-இல் வெளியேற 140 கட்டவேண்டும். எந்த முடிவுக்கும் 40 நஷ்டம். பலவீனமான அணி முந்தினாலும் பெரும்பாலும் விலை அவ்வளவாக ஏறாது. வலுவான அணி சமன்செய்துவிடும் என்றே சந்தை கணக்குப் போடும்.