மூன்று நாளுக்கு முன் என்ன கிழமை?

“இந்த புரோகிராமை வேற லாங்குவேஜுக்கு மாத்திக் கொடுத்துடுங்க.” மென்பொருள் அலுவலகங்களில் இப்படி ஒற்றை வரியில் வேலை வந்து சேர்வது சாதாரணம். எந்த மொழிக்கு, எந்த லைப்ரரியைப் பயன்படுத்தி, எந்த நடையில் என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. கேட்பவருக்கு அது குறையாகத் தெரிவதுமில்லை. செய்ய வேண்டிய வேலை பழைய நிரலிலேயே இருக்கிறது, அதைப் பார்த்து எழுதினால் போதும் என்றுதான் அவர் நினைக்கிறார். ஆனால் நிரல் செய்யும் வேலையில் ஒரு பங்குதான் எழுதிய வரிகளில் இருக்கிறது. இன்னொரு பங்கை அந்த மொழி தன் வழக்கப்படி தானே முடித்துக்கொள்கிறது. அந்த வழக்கம் மொழிக்கு மொழி மாறும்.

பைதான் மொழியில் எழுதிய இந்தச் சின்ன நிரலைப் பார்க்கலாம். இன்றைய கிழமையும் நாட்களின் எண்ணிக்கையும் கொடுத்தால், அத்தனை நாள் கழித்து என்ன கிழமை என்று சொல்லும்.

```python
def weekday(today, days):
    return (today + days) % 7
```

ஞாயிறு 0, திங்கள் 1 என்று தொடங்கி சனிக்கு 6. `%` என்பது 7ஆல் வகுத்து மீதியை எடுக்கும் குறி. இன்று திங்கள், பத்து நாள் கழித்து என்ன கிழமை? 11ஐ 7ஆல் வகுத்தால் மீதி 4, அதாவது வியாழன். இந்த ஒரு வரியை ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி, ரூபி என எதில் எழுதினாலும் அதே வியாழன்தான் வரும். மாற்றியவர் இதோடு சோதனையை முடித்துக்கொண்டால் எல்லாம் சரியாகவே தோன்றும்.

இப்போது மூன்று நாளுக்கு முன் என்ன கிழமை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 1இலிருந்து 3ஐக் கழித்தால் -2. பைதானில் -2ஐ 7ஆல் வகுத்த மீதி 5, அது வெள்ளி. சரியான விடை. ரூபியிலும் 5தான். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி மூன்றிலும் விடை -2. அப்படி ஒரு கிழமை கிடையாது.

எந்த மொழியும் கணக்கில் தவறவில்லை. பைதான் ஈவை எப்போதும் சிறிய எண் பக்கம் இறக்குகிறது. இங்கே ஈவு -1 ஆகிறது, அதனால் மீதி 5. மற்ற மூன்றும் ஈவைப் பூஜ்யத்தின் பக்கம் வெட்டுகின்றன. ஈவு 0, மீதி -2. இரண்டு வழியிலும் ஈவை 7ஆல் பெருக்கி மீதியைக் கூட்டினால் -2 சரியாக வந்துவிடும். சி மொழியில் 1999ஆம் ஆண்டின் தரம் வரும்வரை இதுகூட உறுதியாக இல்லை, எந்தப் பக்கம் வெட்டுவது என்பது ஒவ்வொரு கம்பைலரின் விருப்பமாக இருந்தது.

அந்த -2ஐ வைத்துக் கிழமைப் பெயர்ப் பட்டியலில் தேடும்போது பிழையின் முகம் மாறுகிறது. ஜாவாவில் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். யாராவது உடனே கவனிப்பார்கள். ஜாவாஸ்கிரிப்டில் நிரல் தொடர்ந்து ஓடும், திரையில் கிழமை இருக்க வேண்டிய இடத்தில் `undefined` என்று வரும். சி மொழி எதையும் தடுக்காது. பட்டியலுக்கு வெளியே நினைவகத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும், அதனால் குப்பை எழுத்தும் வரலாம், நிரல் முறிந்தும் போகலாம், சில நாள் ஒன்றும் ஆகாமலும் ஓடலாம். மூன்றில் இதுதான் மோசம். தீர்வு எளிது. ஜாவாவில் `Math.floorMod` என்று தயாராகவே இருக்கிறது, மற்றவற்றில் வந்த மீதியோடு 7ஐக் கூட்டி மறுபடி ஒருமுறை மீதி எடுக்க வேண்டும். ஆனால் இலக்கு ரூபி என்றால் இந்தத் திருத்தமே தேவையில்லை. மொழி எது என்று தெரியாமல் மாற்றத் தொடங்கவே முடியாது என்பதற்கு இந்த ஒரு வரியே போதும்.

லைப்ரரி பற்றிய கேள்வி பணக் கணக்கில் வந்து நிற்கிறது. 2 ரூபாய் 50 காசை முழு ரூபாயாக்க வேண்டும். பைதானில் `round(2.5)` என்றால் 2 கிடைக்கும், ஏனென்றால் சரிபாதியில் நிற்கும் எண்ணை அது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகிறது. ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் `Math.round(2.5)` 3 தரும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றத் தோன்றும், ஆபத்தும் அதில்தான். காசுக் கணக்கைத் துல்லியமாகச் செய்யவும், எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்று வெளிப்படையாகச் சொல்லவும் பைதானில் `decimal`, ஜாவாவில் `BigDecimal` என்று மொழியோடு சேர்ந்தே வருகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் அப்படி உள்ளமைந்த வசதி இல்லை. வெளியிலிருந்து ஒரு லைப்ரரியைக் கொண்டுவர வேண்டும், அல்லது தொகை முழுவதையும் காசாக மாற்றி முழு எண்ணிலேயே கணக்குப் போட வேண்டும். வெளி லைப்ரரி சேர்க்க நிறுவனம் அனுமதிக்குமா என்பதைப் பொறுத்து இரண்டு வேறு நிரல்கள் பிறக்கும்.

நடை என்பது அழகு சார்ந்த விஷயம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வங்கிகளின் பழைய கோபால் நிரல்களை வரிக்கு வரி ஜாவாவாக மாற்றியபோது வந்த விளைவுக்கு, இரண்டு பெயர்களையும் சேர்த்து ‘ஜோபால்’ என்று புரோகிராமர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். அது ஓடும். ஆனால் கோபால் தெரியாத ஜாவாக்காரருக்கும் அதைத் திருத்த வராது, ஜாவா தெரியாத கோபால்காரருக்கும் வராது.

அதற்காக வரிக்கு வரி மாற்றுவது எப்போதுமே தவறு என்று சொல்லிவிட முடியாது. 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க், டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை கோ மொழிக்கு மாற்றிவருவதாக அறிவித்தார். சி ஷார்ப் மொழியை உருவாக்கியவர் அவர். அப்படியிருக்க ஏன் சி ஷார்ப் இல்லை, ஏன் ரஸ்ட் இல்லை என்று பலரும் கேட்டார்கள். புதிதாக எழுதுவது நோக்கமல்ல, இருக்கும் நிரலின் அமைப்பையும் நடத்தையையும் குலைக்காமல் கொண்டுபோவதே நோக்கம் என்பது அவர்கள் தந்த விளக்கம். பழைய கம்பைலரில் தரவுகள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு வட்டமாக நிற்கும், பயன்படாத நினைவகத்தை மொழியே சுத்தம் செய்துகொள்ளும் என்ற நம்பிக்கையில் அது எழுதப்பட்டிருந்தது. கோ அதற்கு இடம் கொடுத்தது. ரஸ்டில் அந்த அமைப்பையே மாற்றி எழுத நேர்ந்திருக்கும். விஎஸ் கோட் நிரல்தொகுப்பைச் சரிபார்க்க 77.8 நொடி எடுத்தது 7.5 நொடியாகக் குறைந்ததாக அந்த அறிவிப்பு சொன்னது. இங்கே மொழியைத் தீர்மானித்ததே நடைதான். பழைய நிரலின் சாயல் அப்படியே இருக்க வேண்டும் என்று முதலில் முடிவாயிற்று, அதற்கு ஒத்துவரும் மொழி பிறகு கிடைத்தது.

ஒற்றை வரிக் கோரிக்கை கையில் வந்தவர் முதலில் கேட்க வேண்டியது, மாற்றிய நிரல் எங்கே ஓடப்போகிறது என்பதை. உலாவியில் என்றால் அநேகமாக ஜாவாஸ்கிரிப்ட் வகை. ஏற்கெனவே ஜாவாவில் இருக்கும் பெரிய அமைப்போடு சேரப்போகிறது என்றால் ஜாவா, அந்தக் குழு வைத்திருக்கும் லைப்ரரிகளோடும் அவர்களுடைய நடையோடும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். பதிலே வராவிட்டால் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, என்ன அனுமானத்தில் எழுதினோம் என்பதை நிரலின் தலைப்பிலேயே குறித்துவைப்பது முறை.

மொழி எதுவானாலும் அதற்குமுன் முடிக்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பழைய நிரலை ஓட்டி, உள்ளீட்டையும் விடையையும் பட்டியலாக எடுத்து வைப்பது. 10 நாள், 20 நாள் என்று சாதாரணமானவற்றைக் கொடுத்தால் பயனில்லை. 0, -3, -7, -8, மிகப் பெரிய எண், சரிபாதியில் நிற்கும் தொகை, காலியான பெயர், தமிழில் எழுதிய பெயர் என்று முரண்டு பிடிப்பவற்றைக் கொடுக்க வேண்டும். புது நிரல் அதே பட்டியலை அப்படியே தர வேண்டும். எங்காவது மாறினால் புதியது தவறு என்றோ பழையது தவறு என்றோ மாற்றுபவர் தாமாக முடிவுகட்டக் கூடாது. 2.50 ரூபாய்க்கு இத்தனை ஆண்டு 2 என்று போட்ட பில்கள் ஏற்கெனவே கணக்கில் ஏறியிருக்கும். அதை 3 ஆக்குவதா வேண்டாமா என்பதைக் கணக்குக்குப் பொறுப்பானவரிடம் கேட்டு, அவர் சொன்னதைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொண்ட பிறகே அந்த வரியைத் தொட வேண்டும்.