பிள்ளையின் கையில் முதல் ஸ்மார்ட்போன்: எந்த வயதில் கொடுப்பது, எப்படி முடிவு செய்வது?

மும்பை: ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்போது மும்பைத் தமிழர் வீடுகள் பலவற்றில் ஒரே பேச்சுதான் எழுகிறது. "வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது, எனக்கு மட்டும்தான் இல்லை" என்று ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை கேட்கிறது. தாராவியின் ஒற்றை அறை வீட்டிலும், மாட்டுங்காவின் பழைய குடியிருப்பிலும், செம்பூரின் அடுக்குமாடியிலும் கேள்வி ஒன்றுதான். ஆனால், விடை ஒன்றாக இருக்க முடியாது. வயது இதில் முதல் வாசல் மட்டுமே. பிள்ளை பக்குவம் அடைந்துவிட்டதா என்பதை, சொந்தமாகப் போன் வாங்கிக் கொடுப்பதற்கு முன்பே, வீட்டில் இருக்கும் போனைக் கொண்டு கண்டறிய முடியும்.

சட்டம் சொல்லும் வயது எது?

இந்தியாவில் இத்தனை வயதில்தான் ஸ்மார்ட்போன் வைத்திருக்கலாம் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. பெற்றோர் கேள்விப்படும் வயதுகள் ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்துக்கு உரியவை.

18 வயது நிரம்பாதவர் பெயரில் சிம் கார்டு வழங்கப்படுவதில்லை. எனவே பிள்ளையின் போனில் இருக்கும் எண் தாய் அல்லது தந்தையின் பெயரில்தான் இருக்கும். அந்த எண்ணிலிருந்து நடக்கும் எதற்கும் முதலில் விசாரிக்கப்படுபவரும் அவரே. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை கணக்குத் தொடங்க 13 வயதைக் குறைந்தபட்ச வரம்பாக வைத்துள்ளன. இது அந்த நிறுவனங்களின் விதி. 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தைகள் என்றே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. அங்கும் தடை சமூக ஊடகக் கணக்குக்குத்தான், போனுக்கு இல்லை.

ஆகவே 13 வயது ஆகிவிட்டது என்பது வாட்ஸ்அப் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. பிள்ளை தயாராகிவிட்டது என்பதை அது காட்டாது.

இரு கிராமங்கள், இரு வழிகள்

மகாராஷ்டிரத்திலேயே இதற்கு இரண்டு முன்மாதிரிகள் உள்ளன. யவத்மால் மாவட்டத்தின் பான்சி கிராம ஊராட்சி, 2022 நவம்பரில் 18 வயதுக்கு உட்பட்டோர் செல்போன் பயன்படுத்தத் தடை விதித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. சாங்லி மாவட்டத்தின் மோஹித்யாஞ்சே வட்காவ் கிராமம் வேறு வழியில் சென்றது. அங்கு 2022 சுதந்திர தினத்தில் தொடங்கிய வழக்கப்படி, மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடின்றி அனைவரும் தொலைக்காட்சியையும் செல்போனையும் அணைத்து வைப்பார்கள். இரவு 8.30 மணிக்குத்தான் மீண்டும் எடுப்பார்கள்.

முதல் வழி வயதை வைத்துக் கோடு போடுகிறது. இரண்டாவது நேரத்தை வைத்துக் கோடு போடுகிறது. நகரத்துக் குடும்பம் கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டாவதிலிருந்துதான். தந்தை போனைப் பார்த்துக்கொண்டே மகனிடம் "போனை வை" என்று சொல்லும் வீட்டில் எந்த விதியும் நிற்பதில்லை.

வீட்டுக்கு ஏற்ற விதி

"படுக்கையறைக்குள் போனைக் கொண்டுபோக விடாதீர்கள்" என்பது எங்கும் சொல்லப்படும் அறிவுரை. தாராவியில் சமையல், படிப்பு, உறக்கம் எல்லாம் ஒரே அறையில் நடக்கும் வீடுகள் ஏராளம். அங்கே படுக்கையறை என்ற சொல்லுக்கே இடமில்லை. அத்தகைய வீட்டில் அறையைச் சொல்லாமல் இடத்தையும் நேரத்தையும் சொல்ல வேண்டும்: இரவு 9.30 மணிக்குப் போன் அலமாரியின் மேல்தட்டில் சார்ஜரில் இருக்கும், காலையில் பல் துலக்கிய பிறகே கீழே வரும். ஒற்றை அறைக்கு ஒரு நன்மையும் உண்டு. பிள்ளை என்ன பார்க்கிறது என்பது எல்லோர் கண்ணிலும் படும். இயர்போன் கூடாது என்ற ஒரு விதியே அங்குப் பாதிக் கண்காணிப்பைச் செய்துவிடும்.

மாட்டுங்காவில் பெரும்பாலும் படிப்பே காரணமாகச் சொல்லப்படுகிறது. டியூஷன் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் குறிப்புகள் வருகின்றன, ஆகவே போன் வேண்டும் என்பார்கள். கிராமப்புற இந்தியாவைப் பற்றிய 2024ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வில், ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்த 14 முதல் 16 வயதினரில் 57 சதவீதத்தினர் முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியதாகக் கூறினர். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியதாகக் கூறியோர் 76 சதவீதத்தினர். படிப்புக்கென்று வாங்கும் போன் படிப்போடு நிற்காது. குழுவில் தாயின் எண்ணைச் சேர்த்து, மாலையில் ஒருமுறை குறிப்புகளைப் பார்க்கக் கொடுத்தாலே அந்தத் தேவை தீர்ந்துவிடும்.

செம்பூரில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் பாதுகாப்பே காரணம். பள்ளி முடிந்து தனியே வீடு திரும்பும் பிள்ளை அழைக்க வேண்டும் என்பது நியாயமான கவலை. அழைப்பதற்கு பட்டன் போன் போதும். ஆனால், மாலையில் மூன்று மணி நேரம் ஆளில்லாத வீட்டில் பிள்ளையும் ஸ்மார்ட்போனும் தனியே இருப்பது, அந்தக் கவலையைத் தீர்க்காமல் வேறு கவலையைக் கொண்டுவரும்.

பக்குவத்தை அறியும் ஆறு வாரங்கள்

பக்குவம் என்பதை நான்கு கேள்விகளாகப் பிரித்துப் பார்க்கலாம். சொன்ன நேரத்தில், இரண்டாம் முறை சொல்லாமலே போனைத் திருப்பித் தருகிறதா? போன் இல்லாத நாளில் உறக்கம், உணவு, விளையாட்டு எப்போதும்போல நடக்கின்றனவா? தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தால் காட்டுகிறதா? தவறு செய்தால் தானாக வந்து சொல்கிறதா? முதல் இரண்டும் கட்டுப்பாட்டைக் காட்டுகின்றன. அடுத்த இரண்டும் நம்பிக்கையைக் காட்டுகின்றன. ஆபத்து நேரத்தில் பிள்ளையைக் காப்பவை பின்னவையே.

ஓர் உதாரணக் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாராவி 90 அடி சாலைக்கு அருகே ஒற்றை அறை வீடு. தாய் அதிகாலையில் எழுந்து இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்புகிறார். தந்தை தோல் பட்டறையில் வேலை பார்க்கிறார். மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. மாலையில் மாட்டுங்காவுக்கு டியூஷன் செல்கிறான். தந்தையின் பழைய போனை அவனுக்கே கொடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

அவர்கள் உடனே கொடுக்காமல், ஆறு வாரம் அதை வீட்டுப் போனாக வைக்கிறார்கள். தினமும் மாலை 7.30 முதல் 8.30 வரை மகனுக்கு. 9.30க்குப் போன் அலமாரியில். முதல் இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மூன்றாம் வாரத்தில், நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தில் மாலை 6 மணிக்கே டேட்டா தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. போன் அமைப்புகளில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியைத் திறந்தால், பகலில் ஒரு விளையாட்டு இரண்டு மணி நேரம் ஓடியது தெரிகிறது. கேட்டபோது முதலில் மறுக்கிறான், மறுநாள் ஒப்புக்கொள்கிறான். நான்காம் வாரத்தில் தெரியாத எண்ணிலிருந்து பரிசு விழுந்ததாக வந்த செய்தியைத் தானே கொண்டுவந்து காட்டுகிறான்.

இந்தப் பதிவு சொல்வது என்ன? நம்பிக்கை வளர்ந்து வருகிறது, கட்டுப்பாடு இன்னும் வரவில்லை. எனவே முடிவு "இல்லை" என்பதாகாது. "இப்போது இல்லை" என்பதே. டியூஷனுக்குச் செல்லும்போது பட்டன் போன். ஸ்மார்ட்போன் வீட்டுப் போனாகவே தொடரும். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் இதே ஆறு வாரம் மீண்டும். காரணமும் தேதியும் சேர்த்துச் சொல்லப்பட்ட மறுப்பைப் பிள்ளைகள் ஏற்கிறார்கள். "பெரியவனானதும் பார்க்கலாம்" என்பதுதான் சண்டையை வளர்க்கிறது.

கொடுக்கும் நாளில் செய்ய வேண்டியவை

முதலில் கவனிக்க வேண்டியது சிம். வங்கிக் கணக்குடன் இணைந்த எண்ணைப் பிள்ளையின் போனில் போடக் கூடாது. போட்டால் வங்கியின் ஓடிபி செய்திகள் யாவும் பிள்ளையின் கைக்கு வரும். வங்கியோடு தொடர்பில்லாத தனி எண் வேண்டும். பெற்றோரின் யுபிஐ செயலியும், விளையாட்டுகளில் பொருள் வாங்க உதவும் கார்டு விவரங்களும் அதில் இருக்கக் கூடாது.

அடுத்து, பழைய போன் என்றால் அதிலுள்ள தந்தையின் கூகுள் கணக்கை நீக்கி, பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியுடன் புதிய கணக்கு தொடங்க வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டால், வயதுக்கேற்ற பாதுகாப்புகள் பலவும் தாமாகவே விலகிவிடும். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி மூலம் புதிய செயலிகளுக்கு ஒப்புதல் தரவும், அன்றாட நேர வரம்பு வைக்கவும், இரவில் போனைப் பூட்டவும் இயலும். வாட்ஸ்அப்பில், குழுக்களில் சேர்க்கும் உரிமையைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என மாற்ற வேண்டும்.

இவற்றுக்கு எல்லை உண்டு. வாட்ஸ்அப்பில் யார் என்ன எழுதுகிறார்கள் என்பதை ஃபேமிலி லிங்க் காட்டாது. நண்பனின் போனில் பார்ப்பதை எந்தச் செயலியும் தடுக்காது. அறியாத கணக்கு ஒன்று போனில் இருப்பது, நள்ளிரவில் பேட்டரி குறைந்திருப்பது, நாம் அருகில் வந்ததும் திரை மாறுவது ஆகியவற்றைக் கண்ணால்தான் காண வேண்டும்.

பறித்துவிடுவோம் என்ற மிரட்டல் வேண்டாம்

குடும்ப விதிகளில் கடைசியானதே முதன்மையானது. யாராவது படம் கேட்டாலோ, மிரட்டினாலோ, பணம் போய்விட்டாலோ, அதைச் சொன்னதற்காகப் போன் பறிக்கப்படாது என்று பெற்றோர் முன்கூட்டியே உறுதி தர வேண்டும். சொன்னால் போன் போய்விடும் என்று பயப்படும் பிள்ளை, மிரட்டுபவன் கேட்பதையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். விரைவாகப் புகார் செய்தால் பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்க வாய்ப்புண்டு. பிள்ளையை யாரேனும் துன்புறுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098. மிரட்டல் செய்திகளை அழிக்காமல், திரைப்பதிவு எடுத்து வைத்த பிறகே அந்த எண்ணைத் தடை செய்ய வேண்டும். இந்த இரு எண்களையும் பிள்ளைக்கு முதல் நாளே மனப்பாடம் ஆக்கிவிடுவது நல்லது.