"தலைவர்ட்ட சொல்லியாச்சு சார்!"

தொண்டு நிறுவனங்களின் அலுவலகத்துக்குக் களப்பணியாளர்களிடமிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஒரு தனி ருசி உண்டு. கண் மருத்துவ முகாம் ஒன்றுக்காக இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"சார், சிவராத்திரிக்கு அடுத்த ஞாயிறு கண் கேம்ப் வச்சுக்கலாம்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க."

"தலைவர்ட்ட சொல்லியாச்சு சார். ஸ்கூல்லயே வச்சுக்கங்கன்னு சொல்லிட்டாரு."

"எப்படியும் எரநூறு பேரு வருவாங்க. நெறைய பாட்டிங்களுக்குக் கண்ணே தெரியல சார், பாவம்."

"காலைல ஆரம்பிச்சா மத்தியானம் முடிஞ்சிரும். ஆபரேசன் உள்ளவங்கள பஸ்ல கூட்டிட்டுப் போயிருவாங்க."

"தண்ணி வேணும், மைக் செட்டுக்கும் சேத்து லெட்டர் போட்ருங்க."

பேசுவதுபோல் எழுதிய இந்தச் செய்திகளைக் கண்டால் பலர் உடனே அவற்றை 'நல்ல தமிழுக்கு' மாற்ற உட்கார்ந்துவிடுகிறார்கள். 'வச்சுக்கலாம்' என்பது 'நடத்தத் திட்டமிடப்பட்டுள்ளது' ஆகிவிடும். கடிதம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் செய்தியில் இருந்த ஓட்டைகள் எல்லாம் அப்படியே இருக்கும். பேனாவை எடுக்கும் முன் போனை எடுத்து அந்தக் களப்பணியாளரிடம் பேசுவதுதான் முதல் வேலை.

இருப்பதிலேயே ஆபத்தான வரி, 'தலைவர்ட்ட சொல்லியாச்சு' என்பது. எந்தத் தலைவர்? தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அதன்பின் அந்த ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொள்ள ஏற்பாடானது. ஊரில் யாரும் அவரை 'முன்னாள் தலைவர்' என்று கூப்பிடப்போவதில்லை. ஒருமுறை தலைவர் என்றால் எப்போதும் தலைவர்தான். கடிதத்தை அவர் பெயருக்கு எழுதினால் அனுமதி தர அதிகாரம் இல்லாதவரிடம் அனுமதி கேட்டதாக முடியும். இங்கே கடிதம் போக வேண்டியது தனி அலுவலருக்கு, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு.

அதே வரியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தலைவர் பதவியில் இருந்தாலும் பள்ளிக்கூடம் அவர் கையில் இல்லை. 'ஊராட்சி ஒன்றியப் பள்ளி' என்று பலகையில் எழுதியிருந்தாலும் அதை நடத்துவது பள்ளிக் கல்வித் துறை. அங்கே முகாம் நடத்த அந்தத் துறையின் வழியாக இன்னொரு கடிதம் போக வேண்டும். ஊராட்சியின் சமுதாயக் கூடம் காலியாக இருந்தால் வேலை சுலபம். கண் முகாமுக்கு அதுவே வசதியும்கூட: எழுத்து அட்டையை 6 மீட்டர் தள்ளி மாட்ட இடம் கிடைக்கும், ஓர் அறையை இருட்டாக்கிக் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கலாம். அன்றைக்குக் கல்யாணம், காதுகுத்து என்று யாரும் கூடத்தைக் கேட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் ஊராட்சி செயலரிடம் விசாரித்துவிட வேண்டும்.

'எப்படியும் எரநூறு பேரு' எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வீடு வீடாகப் போனபோது பார்வை மங்கியதாகச் சொன்னவர்கள் 140 பேர் நோட்டில் இருப்பார்கள். மீதி அவருடைய நம்பிக்கை. கடிதத்தில் 140-ஐக் கணக்காகவும், 200-ஐ எதிர்பார்ப்பாகவும் எழுத வேண்டும். 'பாவம்' என்ற சொல் கடிதத்தில் ஏறாது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் 140 பேர் ஏறலாம். அலுவலருக்கு இரக்கத்தைவிட அந்த எண்ணிக்கைதான் கோப்பில் குறிப்பெழுத உதவும்.

நேரமும் அப்படித்தான். முகாம் 9 மணிக்கு என்றால் கூடத்தின் சாவி 7 மணிக்கே வேண்டும். மதியம் 1 மணிக்கு முடிந்தாலும் பெருக்கிக் கொடுக்க 4 மணி ஆகும். கேட்பது கூடத்தை என்பதால் கூடத்தின் நேரத்தைத்தான் எழுத வேண்டும்.

மைக் செட்டை இந்தக் கடிதத்திலேயே சேர்ப்பது நம்மூரில் வழக்கமான பிழை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி தேவை. அதைக் காவல் நிலையத்தில் தனியாகக் கேட்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை எப்படியும் வைக்கக் கூடாது. ஆட்டோவில் கட்டி ஊரைச் சுற்றி வருவதாக இருந்தால் அந்த நாளையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடலாம்.

இத்தனையும் தெளிந்தபின் கடிதம் தானாக அமையும்:

அனுப்புநர்: (செயலாளர் பெயர், நிறுவன முகவரி, தொலைபேசி)

பெறுநர்: தனி அலுவலர் / வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்), (ஒன்றியம்)

நாள்: 09.02.2026

ஐயா,

பொருள்: இலவசக் கண் பரிசோதனை முகாம் – ஊராட்சி சமுதாயக் கூடத்தைப் பயன்படுத்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

வணக்கம். எங்கள் நிறுவனம் கண் மருத்துவமனையுடன் இணைந்து 22.02.2026 ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை மேற்படி ஊராட்சியில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்த உள்ளது. எங்கள் களப்பணியாளர் வீடு வீடாக எடுத்த கணக்கில் 140 பேர் பார்வைக் குறைபாடு இருப்பதாகத் தெரிவித்துள்ளனர். சுமார் 200 பேர் வருவார்கள் என எதிர்பார்க்கிறோம்.

முகாமில் பரிசோதனை மட்டுமே நடைபெறும். அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் அவர்கள் சம்மதத்துடன் மருத்துவமனைக்குப் பேருந்தில் அழைத்துச் செல்லப்படுவர்.

இதற்காக அன்று காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை சமுதாயக் கூடத்தைப் பயன்படுத்தவும், குடிநீர் வசதி செய்து தரவும் அனுமதி வேண்டுகிறோம். கூடத்தைத் தூய்மை செய்து ஒப்படைப்பது எங்கள் பொறுப்பு. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் தனியே விண்ணப்பித்துள்ளோம்.

இப்படிக்கு,
(கையொப்பம், முத்திரை)

இணைப்பு: மருத்துவமனையின் ஒப்புதல் கடிதம், நிறுவனப் பதிவுச் சான்று நகல்.
நகல்: ஊராட்சி செயலர்.

'பரிசோதனை மட்டுமே' என்ற வரியைக் கவனித்திருப்பீர்கள். 'கேம்ப்', 'ஆபரேசன்' இரண்டும் ஒரே செய்தியில் வந்தால் அறுவை சிகிச்சையே கூடத்தில்தான் நடக்கப்போகிறது என்று யாரும் அஞ்சலாம். அந்த அச்சம் ஒன்றே கோப்பைக் கிடப்பில் போடப் போதும். அதேபோல் தலைவர் சம்மதித்த கதையைக் கடிதத்தில் ஓரிடத்திலும் காணவில்லை. 'ஏற்கெனவே வாய்மொழியாக அனுமதி கிடைத்தபடி' என்று எழுதுவது, கையெழுத்திட வேண்டியவரிடம் 'உங்களைக் கேட்காமலே முடிவாகிவிட்டது' என்று சொல்வதற்குச் சமம். பழைய தலைவரின் நல்லெண்ணம் முகாமன்று ஆட்களைத் திரட்ட உதவட்டும்.

பணிவும் அளவோடு போதும். 'சமூகம் ஐயா அவர்களின் பொற்பாதங்களில்' பாணியில் பத்தி நிறைய எழுதினால், என்ன கேட்கிறோம் என்பதைத் தேட வேண்டியிருக்கும். ஒரு 'வணக்கம்', ஒரு 'வேண்டுகிறோம்' இருந்தால் மரியாதை குறையாது.

கடிதத்தை அனுப்பும் முன் களப்பணியாளருக்கே ஒருமுறை படித்துக் காட்டுங்கள். 'ரெண்டு மணிக்கு பஸ் வந்தா அந்தச் சந்துல திரும்பாது சார்' என்பது போன்ற தகவல் அவரிடம்தான் இருக்கும். இரண்டு பிரதி எடுத்து அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். ஒன்றில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி கைக்கு வந்தபிறகே நோட்டீஸ் அச்சுக்குப் போகட்டும்.