மாடியிலிருந்து எறிந்த பந்து

தரையிலிருந்து 14.7 மீட்டர் உயரத்தில் ஒரு மொட்டைமாடி. அதன் விளிம்பில் நின்று ஒரு பந்தை நொடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். அது எப்போது தரையைத் தொடும்?

காற்றுத் தடையை விட்டுவிட்டால், கையை விட்ட பந்தை ஆள்வது புவியீர்ப்பு மட்டுமே. மேல்திசையை நேர்குறியாகக் கொண்டால் முடுக்கம் −9.8. இதை ஒருமுறை தொகையிட்டால் v = −9.8t + C. அந்த C எவ்வளவு என்று தொகையீடு சொல்லாது. எறிந்த கணத்தின் வேகம்தான் சொல்லும்: 9.8. மறுபடி தொகையிட்டால் உயரம் கிடைக்கும்: h = 14.7 + 9.8t − 4.9t². இம்முறை மாறிலியாக வந்து சேர்வது மாடியின் உயரம்.

ஒரு நொடி முடிந்ததும் v சுழியாகிறது, பந்து 19.6 மீட்டர் உச்சியில் இருக்கிறது. அங்கே சுழியாவது வேகம்தான், முடுக்கம் அல்ல. மாணவர்கள் சறுக்கும் இடம் இது.

h = 0 என்று வைத்தால் t = 3 அல்லது −1. பந்து மூன்றாவது நொடி முடிவில், நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. −1-ஐப் பலரும் அடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த விடை அதுதான். ஒரு நொடி முன்னதாக யாராவது தரையிலிருந்து 19.6 வேகத்தில் ஒரு பந்தை எறிந்திருந்தால், நாம் எறியும் கணத்தில் அதுவும் 9.8 வேகத்தோடு மாடியைக் கடந்திருக்கும்.